கடைப் போனுக்கு வரும் போலி பார்சல் மெசேஜ், வங்கி மெசேஜ்: எல்லாரும் ஒருமுறை படிக்கவும்

லெபோ பசார் துணிக்கடை, லெபோ குவீன் பூஜைப் பொருள் கடை, பின்புற ஸ்டோர், மூன்று இடத்திலும் வேலை பார்க்கும் அனைவருக்கும்,

தீபாவளிச் சரக்கு வர ஆரம்பித்துவிட்டது. நாளுக்கு நாலு பார்சல் வந்து இறங்கும் நேரத்தில் போலி மெசேஜும் சேர்ந்து வருகிறது. நம் கடை எண் பெயர்ப் பலகையில் இருக்கிறது, பில்லில் இருக்கிறது, துணிப்பையில்கூட அச்சடித்திருக்கிறோம். அதை எடுப்பது யாருக்கும் சிரமமில்லை. ஆகையால் இதைப் படிக்காமல் ஒதுக்க வேண்டாம். கல்லாவில் உட்கார்பவர்களும் ஸ்டோரில் பார்சல் வாங்குபவர்களும் கட்டாயம் படியுங்கள்.

பார்சல் மெசேஜ் பெரும்பாலும் மலாயில் வருகிறது. முகவரி சரியில்லை, பார்சலைத் திருப்பி அனுப்பப் போகிறோம், மறுபடி கொண்டுவர 1 ரிங்கிட் 80 சென் கட்டுங்கள் என்று சொல்லி, கீழே ஒரு லிங்க். தொட்டால் போஸ் மலேசியா பக்கம் மாதிரியே ஒன்று திறக்கும். நிறமும் சின்னமும் அச்சு அசலாக இருக்கும். இரண்டு ரிங்கிட்கூட இல்லாத காசுக்கு யார் முதலாளியைக் கேட்கப் போகிறார்கள்? அதற்காகத்தான் தொகையைச் சின்னதாக வைக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்கத்து மூன்று இலக்கம். அதை நீங்கள் தட்டி முடிக்கும்போது அவர்கள் அந்தப் பக்கம் வேறு எங்கோ அதே கார்டில் பெரிய தொகைக்குப் பொருள் வாங்கிக்கொண்டிருப்பார்கள். உடனே வங்கியிலிருந்து, அந்தப் பணத்தைக் கட்டச் சம்மதம் கேட்கும் டிஏசி எண் வரலாம். அது உண்மையான வங்கி மெசேஜ்தான். எவ்வளவு பணம், எதற்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். அவசரத்தில் அதைப் படிக்காமல் ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்துத் தட்டிவிடுகிறோம். பணம் போவது அந்த இடத்தில்தான்.

நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: ஸ்டோரில் தொங்கும் பார்சல் நோட்டு. நாம் ஆர்டர் போட்ட எல்லாமே டிராக்கிங் எண்ணோடு அதில் எழுதியிருக்கிறது. மெசேஜில் சொல்லும் எண் நோட்டில் இல்லையென்றால் அது நம் பார்சலே இல்லை, பேச்சு முடிந்தது. நோட்டில் இருந்தாலும் லிங்கைத் தொடக் கூடாது. கூரியர் நிறுவனத்தின் செயலியை நீங்களே திறந்து எண்ணைப் போட்டுப் பாருங்கள். சென்னையிலிருந்தும் சூரத்திலிருந்தும் வரும் புடவைக் கட்டுகளுக்கு ஏஜென்ட் தனியாக பில் அனுப்புவார், நான் அலுவலகத்திலிருந்து கட்டுவேன். அதற்குக் கடைப் போனுக்கு யாரும் பணம் கேட்டு மெசேஜ் போட மாட்டார்கள்.

"வெளிநாட்டுப் பார்சலுக்கு வரி கட்டணும்" என்று வந்தால் சிலருக்குச் சந்தேகம் வரும், ஏனென்றால் அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருக்கிறது. 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 10 விழுக்காடு வரி உண்டு. ஆனால் அதைப் பதிவு பெற்ற விற்பனையாளர் நாம் பணம் கட்டும்போதே விலையோடு சேர்த்து எடுத்துவிடுவார். அப்புறம் தனியாக லிங்க் அனுப்பிக் கேட்கிற வேலை இல்லை.

இன்னொன்று, மெசேஜ் இல்லாமல் நேரடியாகவே பார்சலைக் கொண்டுவந்து கையில் கொடுத்து காசு கேட்பது. நோட்டில் இல்லாத பார்சலுக்குக் கல்லாவிலிருந்து ஒரு சென்னும் எடுக்கக் கூடாது. திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வங்கி மெசேஜ் வேறு மாதிரி, பயமுறுத்தும். "உங்கள் கணக்கிலிருந்து 4,980 ரிங்கிட் மாற்றப்படுகிறது, நீங்கள் செய்யவில்லையென்றால் உடனே இங்கே தொடவும்" என்று வரும். அல்லது கணக்கு முடக்கப்பட்டது, புள்ளிகள் இன்று காலாவதியாகின்றன என்று வரும். இதில் துப்பறிய ஒன்றுமே இல்லை. 2022லேயே இங்குள்ள வங்கிகள் குறுஞ்செய்தியில் லிங்க் வைப்பதை நிறுத்திவிட்டன. ஆகவே வங்கி பெயரில் லிங்கோடு வந்தால் அது போலி. எழுத்துப்பிழை இருக்கிறதா, சின்னம் சரியா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. போன நிமிடம் வந்த உண்மையான வங்கி மெசேஜுக்குக் கீழேயே, அதே பெயரில், அதே வரிசையில் வந்தாலும் போலிதான். அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ள முடியும், போனுக்கு வித்தியாசம் தெரியாது.

"அரசாங்கம்தான் தடை போட்டுவிட்டதே, பிறகு எப்படி வருகிறது?" என்று ஸ்டோர் தம்பி கேட்டார். நல்ல கேள்விதான். 2023 முதல் தொலைபேசி நிறுவனங்கள் லிங்க் உள்ள குறுஞ்செய்திகளைத் தடுக்கின்றன. ஆனால் ஏமாற்றுக்காரர்கள் போலி அலைக்கோபுரக் கருவியைக் காரில் வைத்துக்கொண்டு ஊருக்குள் சுற்றுகிறார்கள். பக்கத்தில் உள்ள போன்கள் அதை உண்மைக் கோபுரம் என்று நம்பி இணைந்துகொள்ளும். மெசேஜ் தொலைபேசி நிறுவனத்தின் வழியாக வராததால் தடுப்பும் வேலை செய்யாது. கோலாலம்பூரில் இப்படிச் சுற்றிய ஆட்களைக் காவல்துறை பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப், ஐபோனின் மெசேஜ் வழியாக வருவதற்கும் அந்தத் தடை கிடையாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: "Y என்று பதில் அனுப்பிவிட்டு மெசேஜை மறுபடி திறக்கவும்" என்று கேட்டால் அனுப்பாதீர்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்கை ஐபோன் பூட்டி வைத்திருக்கும், உங்கள் பதில்தான் அந்தப் பூட்டுக்குச் சாவி.

முகவரியைப் படிக்கத் தெரிந்தால் நல்லது என்பதால் இதையும் சொல்கிறேன். உதாரணத்துக்கு இப்படி ஒன்று வருகிறது என்று வையுங்கள்:

```
https://pos.com.my.semak-bungkusan.top/bayar
```

முதலில் இருக்கும் pos.com.my கண்ணில் பட்டதும் மனது சமாதானமாகிவிடும். பார்க்க வேண்டியது அதை இல்லை. https:// போக, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் என்ன இருக்கிறது? semak-bungkusan.top. அதுதான் அந்தப் பக்கத்தின் சொந்தக்காரர். போஸ் மலேசியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், போலிப் பக்கத்துக்கும் அது கிடைக்கும்.

எல்லாவற்றையும் விட மோசமானது, "இந்தச் செயலியை இறக்கினால்தான் பார்சலைப் பார்க்கலாம்" என்று கேட்பது. கோப்பின் பெயர் .apk என்று முடியும். அதை நிறுவி, மெசேஜ் படிக்க அனுமதியும் கொடுத்துவிட்டால், வரும் டிஏசி எண்ணை அவர்களே படித்துக்கொள்வார்கள். உங்களிடம் கேட்கக்கூட வேண்டியதில்லை. கடைப் போனில் புதுச் செயலி எதுவானாலும் என்னைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

சரி, மெசேஜ் வந்தது, நீங்கள் தொடவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அனுப்பிய எண்ணும் நேரமும் தெரிய வேண்டும். கடை வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போடுங்கள். மெசேஜை அப்படியே ஃபார்வர்டு செய்யாதீர்கள், இன்னொருவர் தெரியாமல் தொட்டுவிடுவார். பதில் போடாமல் அந்த எண்ணைத் தடை செய்யுங்கள். தொடர்புத் துறை ஆணையமான எம்சிஎம்சியிடம் aduan.mcmc.gov.my வழியாகப் புகார் கொடுப்பதை அலுவலகத்தில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சொந்தப் போனுக்கு வந்ததற்கு நீங்களே கொடுக்கலாம், தொலைபேசியில் சொல்வதென்றால் 1-800-188-030. யாராவது ஒரு கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணம் போடச் சொன்னால், முதலில் semakmule.rmp.gov.my பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தேடுங்கள், காவல்துறையின் பக்கம் அது. ஏற்கெனவே புகார் வந்திருந்தால் காட்டும். ஒன்றும் காட்டவில்லை என்பதற்காக அது நல்ல கணக்கு என்று அர்த்தமில்லை. புதிதாகத் திறந்த கணக்காக இருக்கலாம்.

தொட்டுவிட்டீர்கள், விவரமும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் வரிசை இதுதான். செயலி ஏதாவது நிறுவியிருந்தால் முதலில் அந்தப் போனின் வைஃபையையும் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வேறு போனை எடுங்கள். கார்டின் பின்னால் இருக்கும் வங்கி எண்ணுக்கு அழைத்துக் கார்டையும் இணையக் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். மோசடிக்கென்று வங்கிகளில் 24 மணி நேரமும் ஆள் உண்டு. கணக்கை நாமே உடனடியாக முடக்கும் வசதியும் வங்கிகளில் இருக்கிறது. கல்லாப் பொறுப்பாளர்கள் அது நம் வங்கியில் எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். பணம் போயிருந்தால் அடுத்த அழைப்பு 997. அது தேசிய மோசடி நடவடிக்கை மையம், 2022இல் ஆரம்பித்தது. காவல்துறை, மத்திய வங்கி, மற்ற வங்கிகள், எம்சிஎம்சி எல்லாம் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள். அதனால் நிமிடக் கணக்குதான் இங்கே பேச்சு. எந்த வங்கி, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தக் கணக்குக்குப் போனது என்று கேட்பார்கள், ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

அதன் பிறகு போலீஸ் ரிப்போர்ட், அன்றைக்கே. எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். நமக்கு ஜாலான் பட்டானியில் உள்ள மாவட்டத் தலைமையகமும் தூரமில்லை. ரிப்போர்ட் நகலை வங்கிக்கு அனுப்ப வேண்டியிருக்கும், பத்திரமாக வையுங்கள். மெசேஜையோ ஸ்கிரீன்ஷாட்டையோ வெட்கப்பட்டு அழித்துவிடாதீர்கள், ஆதாரமே அதுதான். ஊரிலிருந்து வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மலாய் வராது என்று தயங்க வேண்டாம், நான் கூட வந்து பேசுகிறேன். பணம் இழந்த நீங்கள் புகார் கொடுக்கப் போகிறீர்கள், குற்றவாளியாகப் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து "997லிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, கட்டணம் கட்டினால் விடுவிப்போம்" என்று யாராவது அழைத்தால் போனை வையுங்கள். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாவது முறை வருகிறவர்கள் அவர்கள். சந்தேகமாக இருந்தால் நாமே 997ஐ அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இதெல்லாம் சொல்லியும், என்னுடைய கவலை லிங்க்கைப் பற்றி இல்லை. திட்டு விழுமே, சம்பளத்தில் பிடிப்பார்களே என்று ஒருவர் மாலை வரை வாய் திறக்காமல் இருப்பதுதான் நமக்குப் பெரிய நஷ்டம். முதலாளியிடம் பேசிவிட்டேன்: தொட்டவுடன் வந்து சொல்கிறவர் சம்பளத்தில் ஒரு சென்னும் பிடிக்கப்படாது, வாடிக்கையாளர் முன்னால் யாரும் சத்தம் போடவும் மாட்டார்கள். கல்லாவில் பத்துப் பேர் வரிசையில் நின்றாலும் பரவாயில்லை, விட்டுவிட்டு மாடிக்கு வாருங்கள். நான் இல்லையென்றால் முதலாளிக்கு நேரே போன் போடுங்கள், இரவு எத்தனை மணியானாலும் சரி. சொந்தக் கணக்கில் நடந்தாலும் இதேதான்.

997, நம் இரண்டு வங்கிகளின் மோசடிப் பிரிவு எண்கள், எம்சிஎம்சி எண் எல்லாம் எழுதிய மஞ்சள் தாள் மூன்று கல்லாவிலும் ஸ்டோர் கதவிலும் ஒட்டியிருக்கிறது. உங்கள் சொந்தப் போனிலும் ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை கடை திறப்பதற்கு அரை மணி முன்னால் எல்லாரும் துணிக்கடைக்கு வாருங்கள், கணக்கை முடக்கும் இடத்தை ஒவ்வொருவர் போனிலும் சேர்ந்தே தேடிப் பார்த்துவிடலாம். தேநீர் உண்டு.

மாடிக் கணக்கு அலுவலகத்திலிருந்து,
உங்கள் அக்கா