பட விவரிப்பு: முற்றத்தில் கண்டாங்கிச் சேலை

முழு உருவப் படம். செட்டிநாட்டு வீடு ஒன்றின் முற்றம். முப்பது வயது மதிக்கத்தக்க மாநிறப் பெண் ஒருவர் மரத்தூணில் தோளைச் சாய்த்து நிற்கிறார்.

கட்டியிருப்பது கண்டாங்கி, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கைத்தறிச் சேலை. உடல் முழுக்கக் கடுகு மஞ்சள். அதில் அரக்குச் சிவப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடித் தீப்பெட்டி அளவுக் கட்டங்களாகின்றன. கரையும் அரக்குதான், நல்ல ஒரு சாண் அகலம். ஜரிகை கிடையாது, அதனால் எங்கும் மினுமினுப்பு இல்லை.

துணி கனமான பருத்தி. பட்டு மாதிரி உடம்போடு வழுக்கி இறங்காது, கஞ்சி போட்டதுபோல் விறைத்து நிற்கும். கொசுவத்தைத் தொட முடிந்தால் ஒவ்வொரு மடிப்பின் விளிம்பும் விரலில் தனித்தனியாகத் தட்டுப்படும். இந்தப் படத்தின் அழகே அந்த மடிப்புகள்தான்.

சேலை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுகிறது, வெறுங்கால். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருக்கிறார். ரவிக்கை கறுப்பு, சட்டைக் காலர், முழங்கை வரை தொளதொளப்பான கை, முன்னால் மரப் பித்தான்கள்.

காதில் வெள்ளி ஜிமிக்கி, வேறு நகை இல்லை.

அவர் கேமராவைப் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே யாரோ ஏதோ சொல்ல, தலையைத் திருப்பி வாய்விட்டுச் சிரிக்கிறார். முற்றத்து வெயில் தோளில் பளீரென்று விழுகிறது, பாதி முகம் நிழலில். சேலை விளம்பரங்களில் வரும் பொம்மைத்தனம் துளியும் இல்லை. வேலைக்கு நடுவே சற்று நின்றவரின் உற்சாகம்தான் தெரிகிறது.