சுடுமண் இலை செட்: மாடல் படத்துக்கான ப்ராம்ப்ட்

நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். படம் 1 மாடல். படம் 2 மாலை, வெள்ளைத் தாளில் விரித்து மேலிருந்து எடுத்தது. படம் 3 ஜிமிக்கி, தொங்கவிட்டு நேராக எடுத்தது. படம் 4 பதக்கத்தின் பக்கவாட்டுத் தோற்றம், அதன் தடிமன் தெரிவதற்காக. படம் 1-இல் இருக்கும் பெண் இந்த மாலையையும் ஜிமிக்கியையும் அணிந்திருப்பது போல ஒரே ஒரு படம் வேண்டும். எங்கள் ஆன்லைன் கடையில் இந்த செட்டைத் திறந்ததும் முதலில் தெரியப்போவது இந்தப் படம்தான்.

படத்தைப் பார்த்து வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேருவது படத்தில் இருக்கும் அதே நகையாக இருக்க வேண்டும். இந்த வடிவத்தில் எங்களிடம் இருப்பது ஒரே ஒரு செட். முன்பு ஒரு முறை இப்படித் தயாரித்த படத்தில் ஜிமிக்கியின் விளிம்பில் இல்லாத வெள்ளைக் கற்கள் வந்துவிட்டன, நானும் கவனிக்காமல் போட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்த வாடிக்கையாளர் "கல் எல்லாம் எங்கே?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அதனால் அழகுக்காக எதையும் சேர்க்க வேண்டாம், எதையும் சரிசெய்யவும் வேண்டாம்.

முதலில் மாடல். முகம், கண், மூக்கு, உதடு, நெற்றியோர முடி எல்லாம் படம் 1-இல் உள்ளபடியே இருக்கட்டும். தோல் நிறத்தை ஒரு துளிகூட வெளுக்க வேண்டாம். கன்னத்து மச்சமும் கண்ணுக்குக் கீழே உள்ள மெல்லிய கோடுகளும் அப்படியே தெரியட்டும். தோலை மெழுகு பூசியது போல வழவழப்பாக்கினால் பக்கத்தில் இருக்கும் மண்ணின் சொரசொரப்பும் பொய்யாகத் தெரியும். அவர் தன் முகத்தை மாற்றக் கூடாது என்று சொல்லித்தான் எங்களுக்காக நிற்க ஒப்புக்கொண்டார். படம் 1-இல் அவர் காதில் இருக்கும் சின்னத் தோட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், மூக்குத்தி இருக்கட்டும். கருநீலப் பருத்திச் சட்டை, அதன் அகலமான கழுத்து, தோள்பட்டையில் விழும் மடிப்புகள் எதுவும் மாற வேண்டாம்.

இப்போது மாலை. கருப்புப் பருத்திக் கயிற்றில் பதக்கத்துக்கு இரு பக்கமும் பக்கத்துக்கு 11 மணிகள், ஒவ்வொன்றும் 8 மி.மீ. விட்டம். மணிக்கும் மணிக்கும் நடுவில் 2 மி.மீ. பித்தளை வளையம். மணிகள் கையால் உருட்டியவை, அதனால் எல்லாம் ஒரே உருண்டையாக இருக்காது, சிலது லேசாகத் தட்டையாக இருக்கும். பார்ப்பவரின் வலப் பக்கத்தில், பதக்கத்திலிருந்து நான்காவது மணி மற்றவற்றைவிடக் கறுத்திருக்கும். சூளையில் அது இருந்த இடத்தில் காற்று சரியாகப் படவில்லை. அது அழுக்கு இல்லை, அதைத் துடைத்துவிட வேண்டாம்.

பதக்கம் இலை வடிவம். உயரம் 40 மி.மீ., அகலம் 35 மி.மீ., தடிமன் 5 மி.மீ. நடு நரம்புக்கு இடப் பக்கம் 7 கிளைக் கோடுகள், வலப் பக்கம் 6. ஊசி முனையால் ஈர மண்ணில் கீறியவை, தொடங்கும் இடத்தில் ஆழமாகவும் முடியும் இடத்தில் மெலிந்தும் இருக்கும். இரு பக்கத்தையும் ஒரே மாதிரி ஆக்கிவிடாதீர்கள், 7-உம் 6-உம்தான். இலை நுனி பார்ப்பவரின் இடப் பக்கமாக லேசாக வளைந்திருக்கும், அதைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போடவும் வேண்டாம். வலப் பக்க விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது: மண்ணை அழுத்தியபோது பதிந்த கட்டைவிரல் தடம். இந்த செட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அது தெரிய வேண்டும்.

மாலையின் மொத்தச் சுற்றளவு 45 செ.மீ. கயிறு கழுத்தின் வளைவை ஒட்டிப் பின்னால் போய் மறைய வேண்டும். மாலை தட்டையாக ஒட்டிய படம் போல இருக்கக் கூடாது. பக்கவாட்டுக்குப் போகும் மணிகள் வளைவோடு சேர்ந்து திரும்பும், ஒன்றையொன்று கொஞ்சம் மறைக்கும். பதக்கம் தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழே முழுவதும் தோல்மேல் படிந்திருக்கட்டும். சட்டை விளிம்புக்கும் அதற்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி.

ஜிமிக்கியில் மேலே 12 மி.மீ. வட்டத் தோடு, அதன் கீழ் குடை, குடையின் விளிம்பில் 9 சின்ன மண் துளிகள். மேலிருந்து கீழ்வரை 45 மி.மீ. மாடலின் முகம் பார்ப்பவரின் வலப் பக்கம் திரும்பியிருப்பதால் இடப் பக்கக் காது மட்டுமே முழுதாகத் தெரிகிறது. மற்ற காது மறைவில் இருக்கிறது, ஜோடியாகக் காட்டுவதற்காக அங்கே இன்னொரு ஜிமிக்கியைத் திணிக்க வேண்டாம். தோடு காது மடலின் துளையில் பொருந்தியிருக்க வேண்டும், குடை நேர் கீழாகத் தொங்க வேண்டும். எடை 6 கிராம்தான், மடல் இழுபட்டுத் தெரியக் கூடாது. காதோரம் விழும் இரண்டு மூன்று முடிகள் ஜிமிக்கிக்கு முன்னால் வந்தால் வரட்டும், அது இயல்பாக இருக்கும்.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். பெரியவர்களின் கருவிழி விட்டம் ஏறக்குறைய 12 மி.மீ., ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. முகம் திரும்பியிருந்தாலும் மாடலின் கண்கள் நேராகக் கேமராவைப் பார்க்கின்றன. ஆகவே தோட்டின் அகலமும் அவர் கருவிழியின் அகலமும் படத்தில் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். முழு ஜிமிக்கி நான்கு கருவிழிக்குச் சற்றுக் குறைவு, பதக்கத்தின் உயரம் மூன்றுக்குச் சற்றுக் கூடுதல். நகை பெரிதாகத் தெரிந்தால் நன்றாக விற்கும் என்று தோன்றலாம். வீட்டில் போட்டுப் பார்ப்பவருக்கு அது ஏமாற்றம்தான்.

நிறம் செங்கல் சிவப்பு. படம் 2 காலை வெளிச்சத்தில் எடுத்தது, நிறத்துக்கு அதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் 3-இல் விளக்கு மஞ்சள் ஏறியிருக்கிறது, அதிலிருந்து வடிவத்தை மட்டும் எடுங்கள். குடைமேல் தூரிகையால் இழுத்த கருப்புக் கோடுகள் உண்டு. மெருகு பூசாத மண், ஆகவே பளபளப்பு கூடாது. வெளிச்சப் புள்ளி விழலாம் என்றால் பித்தளை வளையங்களில் மட்டும்.

வெளிச்சம் படம் 1-இல் இருப்பது போலவே இடப் பக்க ஜன்னலிலிருந்து, திரைச்சீலை வழியாக வரும் மென்மையான வெளிச்சம். ஜிமிக்கியின் நிழல் கழுத்தில் வலப் பக்கமாக, விளிம்பு கலங்கி விழட்டும். ஒவ்வொரு மணிக்கும் அடியில் தோலைத் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய இருட்டு வேண்டும், அது இல்லையென்றால் மாலை காற்றில் மிதப்பது போல இருக்கும்.

படம் 4:5, 2048 × 2560 பிக்சல். தலை உச்சியிலிருந்து மார்பின் மேல் பகுதி வரை. முகமும் பதக்கமும் ஒரே கூர்மையில், பின்னணி வெறும் வெளிர்சாம்பல் சுவர். எழுத்து, லோகோ, பூ, வளையல், மோதிரம் எதுவும் வேண்டாம்.

ஏதாவது ஒரு பகுதி நான் தந்த படங்களில் தெளிவாகத் தெரியவில்லை என்றால் அதைக் கற்பனையில் நிரப்பாமல் கயிற்றுக்கோ முடிக்கோ பின்னால் மறைத்துவிடுங்கள். அப்புறம், வந்த படத்தில் ஒரு இடம் தப்பாக இருந்து நான் திருத்தம் கேட்டால் அந்த இடம் மட்டும் மாறட்டும், மீதியெல்லாம் இருந்தபடி இருக்கட்டும்.