சந்தா ரத்து உறுதி (திருத்திய மடல்): உங்களுக்கு வரவேண்டியது ₹1,640.20, கடைசி பில் 1 டிசம்பர் 2025

வணக்கம் ஐயா,

நேற்று போன மடலில் "புரோரேட்டா ரீஃபண்ட் ₹1,390" என்று மட்டும் இருந்தது. அது எப்படி வந்தது, கட்டிய ஜிஎஸ்டி என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. அந்தத் தொகையில் வரி சேரவில்லை, தப்பு எங்களுடையதுதான். அந்த மடலை விட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பில்லிங் செயலிச் சந்தா (எண் 40718) 12 நவம்பர் 2025, புதன்கிழமையோடு ரத்தாகிவிட்டது.

ஏப்ரல் 1 அன்று நீங்கள் கட்டியது ₹4,307. அதில் சந்தா ₹3,650, 18% ஜிஎஸ்டி ₹657. ஆண்டுக்கு 365 நாள் என்பதால் ஒரு நாளைக்கு ₹10, வரியோடு ₹11.80. ஏப்ரல் 1 முதல் நவம்பர் 12 வரை, ரத்து செய்த நாளையும் சேர்த்து, 226 நாள் ஓடிவிட்டது. மிச்சம் 139 நாள்.

139 × ₹10 = ₹1,390.00
வரி 18% = ₹250.20
திரும்ப வருவது = ₹1,640.20

ரத்துக் கட்டணம் என்று எதுவும் பிடிக்கவில்லை. நீங்கள் யுபிஐ வழியாகக் கட்டிய அதே வங்கிக் கணக்குக்கு நவம்பர் 21-க்குள் பணம் வந்துவிடும். வராவிட்டால் இந்த மடலுக்கே பதில் போடுங்கள், யுடிஆர் எண் தருகிறோம். அதைக் காட்டினால் வங்கியில் தேடிச் சொல்வார்கள்.

இந்தத் தொகைக்கான கிரெடிட் நோட்டை இத்துடன் இணைத்திருக்கிறோம். ஏப்ரல் பில்லுக்கு ஐடிசி எடுத்திருந்தால் அதில் ₹250.20-ஐத் திருப்ப வேண்டியிருக்கும். உங்கள் ஆடிட்டரிடம் நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

இனி ஒரே ஒரு பில்தான் பாக்கி. நவம்பர் 1 முதல் 12 வரை உங்கள் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போன 240 எஸ்எம்எஸ், ஒன்றுக்கு 25 பைசா வீதம் ₹60, வரியோடு ₹70.80. இது மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் தனி பில் என்பதால் மேலே உள்ள தொகையில் கழிக்கவில்லை. டிசம்பர் 1 அன்று ஆட்டோபே மூலம் எடுக்கப்படும். 24 மணி நேரம் முன்பே உங்கள் போனுக்குத் தகவல் வரும். அதுவரை ஆட்டோபேயை நிறுத்த வேண்டாம். பணம் எடுத்த மறுநாள் நாங்களே அதை நீக்கிவிடுவோம். அடுத்த ஏப்ரல் 1 புதுப்பிப்புக்கு எதுவும் பிடிக்க மாட்டோம்.

அப்புறம், புதிதாக பில் போட முடியாதே தவிர, பழைய பில்களை டிசம்பர் 31 வரை உள்ளே போய் இறக்கிக்கொள்ளலாம். மறக்காமல் எடுத்து வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகள் கையில் இருக்க வேண்டும். ஜனவரி 1-க்குப் பிறகு எங்களிடம் கேட்டாலும் எடுத்துத் தர முடியாது.

இப்படிக்கு,
கணக்குப் பிரிவு
13 நவம்பர் 2025