நாப்பத்தொரு காசு

எங்கள் வீட்டு மொய் நோட்டில் 1979ஆம் வருஷத்துப் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அஞ்சாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் கையெழுத்து. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல அப்பா எழுதியது.

‘வாடிப்பட்டி அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு இரவல் குடுத்தது. காசுமாலை 1, 7 பவுன். அட்டியல் 1, 3 பவுன். வளையல் 4, 4 பவுன். மறுவீடு முடிஞ்சு வரும்.’

அதற்கு மேலேயும் கீழேயும் அஞ்சு ரூபாய், பதினொரு ரூபாய், ஒரு குத்துவிளக்கு என்று போகிறது. திரும்ப வந்த மொய்க்கெல்லாம் பக்கத்தில் ஒரு டிக் உண்டு. இந்த வரிக்கு மட்டும் இல்லை.

வாடிப்பட்டி அப்பத்தா எங்கள் தாத்தாவுக்கு உடன்பிறந்த அக்கா. அவள் மகள் செல்வி பெரியம்மாவுக்குக் கல்யாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டில் 25 பவுன் கேட்டார்கள். வீட்டில் இருந்தது 11. தேதி குறித்த பிறகு ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் சோழவந்தானுக்கு வந்து இறங்கினாள். தாத்தா கொடிக்காலில் இருந்தார். காப்பித்தண்ணி வேண்டாம் என்றவள், அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம்.

“ஏத்தா, உன் நகையப் போட்டு மணவறையில உக்கார வச்சிட்டு, மறுவீட்டுக்கு வரையில கழட்டிக் கொண்டாந்து உன் கையில குடுத்துர்றேன். பொம்பளப்பிள்ள காரியம், நீதான் பாக்கணும்.”

அப்பத்தா டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சத்துணி முடிச்சை எடுத்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தபோது அவள் அய்யா ஒரு சோடி உழவுமாட்டை விற்று, மதுரை தெற்காவணி மூல வீதியில் நாள் முழுக்கக் கூடவே உட்கார்ந்து செய்து வாங்கிய நகை. காசுமாலையை முறத்தில் வைத்து, விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு காசாக விரலால் நகர்த்தி எண்ணினாள். நாத்தனாரும் கூடவே எண்ணினாள். நாப்பத்தொரு காசு. ஒரு காசில் லட்சுமியின் முகம் தேய்ந்திருக்கும். சின்ன வயதில் அப்பா அதைக் கடித்துக்கொண்டே தூங்குவாராம்.

தாத்தா வந்து, “எங்கக்காவுக்குத்தானே குடுத்த” என்று சொன்னதோடு சரி. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆறவில்லை. அது அவருடைய பொருளும் இல்லை, அவருடைய அக்காளுடையதும் இல்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுநாள் காலையிலேயே மாமியார் நகையைக் கழற்றி வாங்கி, எடை போட்டுப் பார்த்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. 11, அப்பத்தாவின் 14, ஆக 25. மறுவீட்டுக்கு வந்த செல்வி பெரியம்மா கழுத்தில் தாலிச்சரடு மட்டும்தான் கிடந்தது. அப்பத்தாவைக் கண்டதும் நாத்தனார் அடுப்படிக்குள் போனவள் பந்தி முடிகிற வரை வெளியே வரவில்லை.

பொங்கலுக்கு வரும் என்றாள். பிறகு வளைகாப்பு முடியட்டும் என்றாள். பிறகு பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தட்டும் என்றாள். காதுகுத்தும் முடிந்தது. அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாததால் எதுவுமே சொல்லவில்லை. அப்பத்தா ஒவ்வொரு முறையும் ஒரு கட்டு வெத்திலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வாடிப்பட்டிக்குப் போவாள். திண்ணையில் உட்காருவாள், பிள்ளைகளைப் பற்றிப் பேசுவாள், வந்துவிடுவாள். மூத்த நாத்தனாரிடம் வாய்விட்டுக் கேட்க அவளுக்கு வரவில்லை. அதைவிட, கேட்ட பேச்சு அங்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனால், இரவல் நகை என்று தெரிந்துவிடும். செல்வியைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அப்பத்தாவின் வாயை மூடி வைத்தது அந்தப் பயம்தான்.

பிறகு ஒரு வருஷம் அடமழை. கொடிக்காலில் தண்ணீர் நின்று கொடி பூராவும் அழுகிப்போனது. கையில் அந்த 14 பவுன் இருந்திருந்தால் அடகு வைத்து மறுபடி கொடி நட்டிருக்கலாம். இல்லை. பாதி நிலத்தை விற்றார்கள். எங்கள் அத்தையை 4 பவுனோடு கட்டிக்கொடுத்தார்கள். புகுந்த வீட்டில் அவள் வாங்கிய சொல்லை எல்லாம் அப்பத்தா அறிவாள். அத்தை ஒருநாள், “எம்மா, செல்வி வாழணும்னு பாத்தியே, என்னையப் பாத்தியா?” என்று கேட்டாள். அப்பத்தா முற்றத்தைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

2016இல், வாடிப்பட்டி அப்பத்தாவுக்கு இனி முடியாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்தம் எல்லாம் பால் ஊற்றப் போனது. நான்தான் அப்பத்தாவைக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசவேயில்லை. முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்ப்பதும் முடிவதுமாக வந்தாள்.

கட்டிலைச் சுற்றி ஆட்கள். அப்பத்தா தலைமாட்டில் உட்கார்ந்து, நாத்தனாரின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கையைத் தடவினாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி,

“மதினி, என் காசுமாலை எங்க?” என்றாள்.

யாரோ “ஏ கிழவி, சாகப்போற ஆளுகிட்ட கேக்குற பேச்சா இது” என்று எகிறினார்கள். அப்பாவின் முகம் செத்துப்போனது. நானும் அவள் தோளைப் பிடித்தேன். அவள் தட்டிவிட்டாள்.

கட்டிலில் கிடந்தவளின் கண் திறந்தது. உதடு அசைந்தது. அப்பத்தா குனிந்து காதைக் கொடுத்தாள். எனக்கும் கேட்டது.

“நாப்பத்தொண்ணு.”

“ஆமா” என்றாள் அப்பத்தா. “நாப்பத்தொண்ணு.”

கடைக்கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அப்பத்தா முந்தானையால் துடைத்துவிட்டு, சங்கை எடுத்து மூன்று சொட்டுப் பால் ஊற்றினாள். அன்று ராத்திரி அந்த உயிர் போனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது செல்வி பெரியம்மா பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தாள். அவளுக்கும் முடியெல்லாம் நரைத்துவிட்டது. “அத்த, அது என் கழுத்துல கிடந்தது ஒரே ஒரு பகல்தான். மூணாம் வருஷம் வித்து லாரி வாங்குனாக. லாரியும் நிக்கல. எங்கம்மா எங்கிட்ட கேட்டுக் கேட்டு அழும். நான் யாருகிட்டப் போயிக் கேக்க?” என்றாள்.

அப்பத்தா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “நீ போட்ருந்தப்ப நல்லாத்தாண்டி இருந்துச்சு” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மொய் நோட்டை எடுக்கச் சொன்னாள். நான் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, பேனாவைத் திறந்து, வரியை அடிக்கப் போனேன்.

“அடிக்காத. அது வரலையில்ல.”

“பிறகு என்ன அப்பத்தா எழுத?”

வெத்திலையின் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள்.

“கேட்டாச்சுன்னு எழுது” என்றாள்.