ஆகஸ்ட் ஆன்லைன் யோகா பேட்ச்: சேரும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வணக்கம். ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை புதிய பேட்ச் தொடங்குகிறது. விசாரித்தவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "மாசத்துக்கு எத்தனை கிலோ குறையும்?" அதற்குப் பதில் சொல்லிவிட்டே மற்ற விவரங்களுக்குப் போகிறேன். அந்தப் பதில் பிடிக்காமல் இங்கேயே நிறுத்திவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

யோகாவால் மட்டும் எடை பெரிதாகக் குறையாது. நிதானமாகச் செய்யும் ஆசனங்களில் செலவாகும் சக்தி, வேக நடையில் செலவாவதைவிடக் குறைவுதான். எடையில் பெரிய பங்கு சாப்பாட்டுக்கு. அதைச் சரிசெய்தாலும் வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ என்பதுதான் உடம்பு தாங்கும் வேகம். தொப்பையை மட்டும் தனியாகக் கரைக்கும் ஆசனம் என்று எதுவும் கிடையாது. வயிற்றுப் பயிற்சி உள்ளே இருக்கும் தசையைப் பலப்படுத்தும். மேலே இருக்கும் கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் போகும் என்பதை நானோ நீங்களோ தீர்மானிக்க முடியாது. சுகர், பிபி, தைராய்டு குணமாகும் என்றும் சொல்ல மாட்டேன். உடற்பயிற்சி சுகருக்கும் பிபிக்கும் நல்லது, உண்மை. அதற்காக வகுப்பில் சேர்ந்த தைரியத்தில் யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அதை உங்கள் டாக்டர் சொல்ல வேண்டும்.

அப்புறம் எதற்கு வர வேண்டும்? வாரம் மூன்று நாள் தவறாமல் வருபவர்களிடம் நான் பார்க்கும் மாற்றங்கள் சின்னச் சின்னவை. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுவது, ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்பது, காலையில் இடுப்பு விறைப்பாக இல்லாமல் இருப்பது. முதல் சில வாரங்களில் பலம் கூடியதுபோலத் தெரியும். அப்போது தசை பெருத்திருக்காது, இருக்கிற தசையைப் பயன்படுத்த நரம்புகள் பழகியிருக்கும். தசையே வலுவாக இரண்டு மூன்று மாதமாவது ஆகும். எனவே ஒரு மாதத்தில் கண்ணாடி முன் நின்று என்னைத் திட்டாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் பயிற்சி. என் வகுப்பு திங்கள், புதன், வெள்ளி, தலா 50 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் கச்சிதமாக 150 வருகிறது, அப்படியே விளம்பரமும் போடலாம்! ஆனால் அதில் மூச்சுப் பயிற்சிக்கும் சவாசனத்துக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் போய்விடும். எனவே மற்ற நாட்களில் உங்களை நடக்கச் சொல்வேன். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. மிதமான வேகத்துக்கு அதுதான் கணக்கு.

காலை பேட்ச் 5.45 மணிக்கு, மாலை பேட்ச் 6.30 மணிக்கு. ஒவ்வொன்றிலும் 12 பேர் மட்டும். இந்த எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. ஆன்லைனில் தொடங்கிய புதிதில் 35 பேரை ஒரே வகுப்பில் சேர்த்திருந்தேன். திரையில் ஒவ்வொருவரும் தீப்பெட்டி அளவு. ஒருவர் நின்று குனியும் ஆசனத்தில் முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, தரையைத் தொட்டே தீருவேன் என்று முயன்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. இரண்டு வாரம் இடுப்புப் பிடிப்போடு இருந்தார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து 12 பேர். கேமராவை அணைத்துவிட்டுச் செய்யவும் அனுமதி இல்லை. போனை இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வையுங்கள். தலை முதல் பாதம் வரை தெரிய வேண்டும். முகம் மட்டும் தெரிந்தால் எனக்கு எந்தப் பயனும் இல்லை.

ஜூலை 30, 31 இரண்டு நாளும் டிரையல் வகுப்பு, இலவசம். முதல் நாள் கடினமான ஆசனம் எதுவும் இருக்காது. உட்கார்ந்து எழுவது, கையைத் தூக்குவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பேன். இரண்டாம் நாள் வழக்கமான வகுப்பு. முடிந்த கையோடு சேரச் சொல்லிப் போன் பண்ண மாட்டேன். கட்டண விவரம் டிரையலுக்கு முன்பே உங்களுக்கு வந்துவிடும். மாதா மாதம்தான், மூன்று மாதம், ஆறு மாதம் என்று முன்பணம் கிடையாது. முதல் வாரத்தில் ஒத்துவரவில்லை என்றால் மீதிப் பணத்தைத் திருப்பித் தருவேன்.

இனி சொல்வதை, என்னிடம் வராவிட்டாலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத பிபி, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம், பிரசவமாகிச் சில வாரங்கள்: இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். க்ளாக்கோமா இருப்பவர்கள் தலைகீழ் ஆசனங்களைத் தொடவே கூடாது, கண்ணில் அழுத்தம் ஏறும். பிபி அதிகமுள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி செய்ய வேண்டாம். ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தால் முதுகை வளைத்துக் குனிவதையும் வேகமாக முறுக்குவதையும் தவிருங்கள். இன்சுலின் போடுபவர்கள் வகுப்புக்கு முன் சுகர் பார்த்துவிட்டு, இனிப்பான ஏதாவது ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிரசாசனம் இந்த பேட்ச்சில் யாருக்கும் கிடையாது. ஆளில்லாத அறையில், திரை வழியாக அதைக் கற்றுத்தர எனக்குத் துணிச்சல் இல்லை.

வலியிலும் வகை இருக்கிறது. செய்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ தொடையிலும் தோளிலும் வரும் மந்தமான வலி பழகாத தசையின் முனகல், இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். மூட்டுக்குள் குத்துவது, காலில் மின்சாரம்போல் இறங்குவது, மரத்துப்போவது வேறு. அப்படி வந்தால் அந்த நொடியே நிறுத்தி என்னிடம் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டல் வந்தால் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம், உடனே மருத்துவ உதவியைத் தேடுங்கள். பளு தாங்கும்போது மூச்சை அடக்காதீர்கள், பிபி சட்டென்று ஏறும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

முட்டிவலி இருக்கிறதே, வரலாமா என்று பலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் வரலாம். தரையில் உட்கார வேண்டியதில்லை. கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத ஒரு நாற்காலி போதும். தொடைத் தசை வலுவானால் முட்டியின் பாரம் கொஞ்சம் குறையும். வீங்கியிருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.

டிரையலுக்கு வர விரும்பினால் இந்தச் செய்திக்குப் பதிலாக உங்கள் வயது, காலையா மாலையா, இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை, பழைய அடி அல்லது அறுவை சிகிச்சை இவற்றை எழுதி அனுப்புங்கள். என்னைத் தவிர வேறு யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை. வழுக்காத மேட் ஒன்று, சுவரோரம் ஆறடி இடம், தண்ணீர். புது உடை எதுவும் வாங்க வேண்டாம். ஜூலை 28க்குள் பதில் வந்தால் லிங்க்கை 29 மாலை அனுப்பிவிடுவேன்.