பழைய பறவைக் கூட்டின் படம் தொடர்பாக அட்மின்களுக்கு ஒரு விளக்கம்

அட்மின்கள் அனைவருக்கும் வணக்கம்.

செவ்வாய்க்கிழமை இரவு நம் பறவை நோக்கர் குழுவிலிருந்து என்னை நீக்கியிருக்கிறீர்கள். குழுவில் எழுத வழியில்லாததால் உங்கள் மூவருக்கும் தனித்தனியாக இதை அனுப்புகிறேன். என்னை மறுபடி சேர்த்துக்கொள்ளும்படி கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீக்கியதற்குக் காரணமாக நீங்கள் குறிப்பிட்டது நான்காம் விதி: "கூடு, முட்டை, குஞ்சு படங்கள் பகிரக்கூடாது, கூட்டைத் தொடக்கூடாது." நான் போட்ட படத்தில் ஒரு கை, ஒரு கத்தரிக்கோல், நீளவாக்கில் பிளந்த தூக்கணாங்குருவிக் கூடு. வேறு விளக்கமில்லாமல் அதை மட்டும் பார்க்கிற எவருக்கும் வயிறு பற்றி எரியும். எனக்கும் எரிந்திருக்கும். ஆனால் படங்கள்தான் முதலில் வந்து சேர்ந்தன. அவற்றோடு அனுப்பவேண்டிய குறிப்பை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே குழு மூடிக்கொண்டது. அந்தக் குறிப்பு இதுதான்:

"மண் ஒட்டியிருக்குமா என்று காலையில் கேட்டவருக்காக. இது போன பருவத்துக் கூடு. காற்றில் விழுந்து பனைமரத்தடியில் கிடந்தது. வாசல் குழாய் பாதியில் ஒடிந்துவிட்டது, நார் முழுக்கப் பழுப்பேறிவிட்டது. உள்ளே எறும்பு தவிர வேறெதுவும் இல்லை. முட்டை அறைக்கு மேலே, பக்கச் சுவரில் காய்ந்த களிமண் உருண்டைகளைப் பாருங்கள். விரலால் அழுத்தினாலும் உதிரவில்லை. மின்மினி ஒட்டியிருந்ததற்கான தடயம் எதுவும் தென்படவில்லை."

தூக்கணாங்குருவி மின்மினியைப் பிடித்து மண்ணில் ஒட்டி விளக்கேற்றும் என்ற கதை உண்மையா என்று அன்று காலை குழுவில் ஒரு விவாதம் ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாகச் சேர்ந்த ஒருவர், மண் இருப்பதாவது நிஜமா என்று கேட்டிருந்தார். வாய் வார்த்தையாகச் சொல்வதைவிட, கிடைத்த கூட்டைத் திறந்து காட்டலாம் என்றுதான் அதைப் பிளந்தேன்.

நான்காம் விதி ஏன் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டவன் நான். கூட்டுப் படம் ஒன்று வெளியே போனால் அடுத்த நாளே கேமராவோடு கூட்டம் வந்து நிற்கும். தாய்ப்பறவை இரை கொண்டுவரத் தயங்கும், சில நேரம் கூட்டையே கைவிட்டுவிடும். மனிதர் அடிக்கடி போய் நிற்கும் இடத்தைக் காகங்களும் கவனித்துவைத்துக்கொள்ளும். இந்த விதியைத் தளர்த்துங்கள் என்று நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். பறவை வாழும் கூட்டைப் பற்றிய விதி அது என்றே புரிந்துகொண்டிருந்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். அதே மரத்தில் இன்னும் பழைய கூடுகள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். தூக்கணாங்குருவி விட்டுப்போன கூட்டில் சில்லைகள் குடியேறி முட்டையிடும் என்பதால், வெறுங்கூடு என்று நினைத்துப் பறிப்பதும் தவறுதான். தரையில் விழுந்து எறும்பேறியது மட்டுமே என் கைக்கு வந்தது. மரத்தின் இடத்தையும் எங்கும் குறிப்பிடவில்லை.

விழுந்த கூடும் நான்காம் விதிக்குள் அடங்கும் என்று நீங்கள் மூவரும் முடிவு செய்தால், அதற்குக் கட்டுப்படுகிறேன். இனி அப்படி ஒரு படம் என்னிடமிருந்து வராது. அப்படியில்லை என்றால், "கைவிடப்பட்டு விழுந்த கூடு: அட்மின் அனுமதியோடு மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடை போகும் ஆசிரியர்கள் குழுவில் இருக்கிறார்கள். விழுந்த கூட்டை என்ன செய்வது என்ற கேள்வி அவர்களுக்கும் வரும்.

என்னை அதிகம் வருத்தியது நீக்கம் அல்ல. நான் போன பிறகு, "கூட்டைப் பிய்த்தவர்" என்று குழுவில் பேச்சு நடந்ததாக நண்பர்கள் சொன்னார்கள். அந்தப் பெயரோடு இருக்க என்னால் முடியவில்லை. சேர்ப்பதற்கு முன்பேகூட, மேலே உள்ள குறிப்பை மட்டுமாவது குழுவில் பதிவிட்டுவிடுங்கள். கூட்டைப் பல கோணங்களில் எடுத்த மூலப் படங்களும் தேதியோடு என்னிடம் உள்ளன. கேட்டால் உடனே அனுப்புகிறேன். கூடு இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது, நேரில் பார்க்க விரும்பினாலும் சரி.

ஏரிப் பறவைகளின் மாதாந்திரக் கணக்கெடுப்புத் தாளை நான்தான் பராமரித்துவருகிறேன். உங்கள் முடிவு எதுவானாலும் அது தடைபடக்கூடாது. தாளைத் திருத்தும் அனுமதியை உங்கள் மூவருக்கும் இன்றே கொடுத்துவிட்டேன். இந்த ஞாயிறு எண்ணப் போகிறவர்கள் வழக்கம்போல அதிலேயே பதியலாம். அதற்குள் சேர்த்துக்கொண்டால் கிழக்குக் கரையை வழக்கம்போல நானே எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் அங்கே வேறு ஒருவரை நியமிக்கவேண்டியிருக்கும் என்பதால், சனிக்கிழமை மாலைக்குள் ஒரு வரி பதில் போடுங்கள்.

நன்றி.

குழுவில் "கரிச்சான்" என்ற பெயரில் எழுதிவந்தவன்