நுண்கற்பித்தல்: சகபாடி அவதானிப்புப் படிவம் (நிரப்பப்பட்ட மாதிரி)

இப்படிவம் எதற்காக

கற்பித்தல் முறைகள் பாடத்தில் வினாவுதல், விளக்குதல் பற்றி நடைபெற்ற விரிவுரையைக் கேட்ட இரண்டாம் ஆண்டுக் கணித ஆசிரிய பயிலுநர்கள், தமக்குள் நடத்தும் நுண்கற்பித்தல் அமர்வுகளில் ஒருவரை ஒருவர் அவதானிப்பதற்காக இப்படிவம் ஆக்கப்பட்டுள்ளது. விரிவுரைக் குறிப்பில் "தெளிவாக விளக்க வேண்டும்", "சிந்தனையைத் தூண்டும் வினாக்களைக் கேட்க வேண்டும்" போன்ற வாக்கியங்கள் நிறைய உண்டு. அவை பிழையானவை அல்ல; ஆனால் பின் வரிசையில் பேனையுடன் உட்கார்ந்திருக்கும் ஒருவரால் "தெளிவு" என்பதைக் கண்ணால் காண முடியாது. அவ்வாக்கியங்களை அப்படியே இறக்கி, எதிரே ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி இட்டிருந்த பழைய படிவத்தில், விடுதியில் ஒரே அறையில் தங்கும் தோழிக்கு நான்குக்குக் குறைவாக எவரும் புள்ளி இட்டதில்லை. ஆகவே இப்படிவத்தில் புள்ளிகள் இல்லை. விரிவுரையின் ஒவ்வொரு வாக்கியத்திடமும் "இது நடந்தால் வகுப்பில் என்ன கேட்கும், என்ன தெரியும், எதை எண்ணலாம்?" என்று வினவி, விடை கிடைத்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். விடை கிடைக்காதவை (பாட அறிவின் ஆழம், தொழில் மீதான பற்று, ஆளுமை) ஆறு நிமிடத்தில் வெளிப்படுபவை அல்ல என்பதால் விடப்பட்டுள்ளன.

அமர்வின் ஒழுங்கு

நுண்கற்பித்தல் 1963ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டுவைட் அலனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறையாகும். குறைந்த நேரம், குறைந்த மாணவர், ஒரு வேளையில் ஒரு திறன் என்பதும், கற்பித்ததைப் பின்னூட்டலின் பின்னர் மீண்டும் கற்பிப்பது என்பதும் அதன் அடிப்படைகள். நாம் பின்பற்றுவது இந்தியாவில் வழங்கும் நேரப் பங்கீடு: கற்பித்தல் 6 நிமிடம், பின்னூட்டல் 6, மீளத் திட்டமிடல் 12, மீளக் கற்பித்தல் 6, மீண்டும் பின்னூட்டல் 6. மொத்தம் 36 நிமிடம் ஆவதால் 40 நிமிடப் பாடவேளை ஒன்றினுள் சுற்று முழுவதும் அடங்கும். மீளக் கற்பித்தலை "நேரமில்லை" என்று கைவிடலாகாது. அது இல்லாத அமர்வு வெறும் விமர்சனமாகவே முடியும்.

சகபாடிகள் எட்டுப் பேர் மாணவராக அமர்வார்கள். அவர்களுள் ஒருவர், அப்பாடத்தில் பிள்ளைகள் வழமையாக விடும் ஒரு பிழையை உண்மையான பிள்ளையைப் போல விடையாகச் சொல்ல வேண்டும். கற்பிப்பவருக்கு இது யாரென்று முன்கூட்டியே தெரியக்கூடாது. அவதானிப்பவர் இருவர். முதலாமவர் கைபேசியின் நிறுத்தற் கடிகாரத்துடன் எண்ணிக்கைகளைப் பதிவார். இரண்டாமவர் சொற்களையும் பலகையையும் பேசியவாறே, எழுதியவாறே பிரதி செய்வார். பேச்சை எழுத்துத் தமிழாகத் திருத்தி எழுத வேண்டாம். திருத்தும்போது தகவல் தொலைந்துவிடும்.

பின்வருவது 2025 யூன் 17, செவ்வாய்க்கிழமை, மட்டக்களப்பில் நடந்த ஓர் அமர்வின் பதிவுகளுடன் தரப்படுகிறது. எவ்வாறு நிரப்புவது என்பதற்கு இதுவே மாதிரி.

பகுதி 1: அமர்வின் விபரம்

தரம் 6, கணிதம், பின்னங்களின் கூட்டல். கற்றற்பேறு: ஒரு பின்னத்தின் பகுதி மற்றையதன் பகுதியின் மடங்காக அமையும்போது அவ்விரு பின்னங்களையும் கூட்டுவதோடு, அவ்வாறு கூட்டுவதற்கான காரணத்தையும் மாணவர் கூறுவர். கற்பித்தவர் கணிதக் குழுவின் ஆசிரிய பயிலுநர் ஒருவர். எடுத்துக்கொண்ட திறன் வினாவுதல். பொருட்கள்: வெண்பலகை, ஒரே அளவான ஆறு வெள்ளைத் தாள்கள், நிறப் பென்சில்.

பகுதி 2: பாடப் பிரவேசம்

விரிவுரை கூறியது: பிரவேசம் மாணவரின் முன்னறிவிலிருந்து தொடங்கிப் பாடப்பொருளில் சென்று சேர வேண்டும். அவதானிக்க வேண்டியது: முதற் சொல்லிலிருந்து பாடப்பொருளின் பெயர் அல்லது குறியீடு வெளிப்படும்வரை சென்ற நேரம், அதற்கிடையே மாணவர் வாய் திறந்த தடவைகள்.

பதிவு: படுவான்கரையில் ஒருவருக்கு வட்டையிலே ஓர் ஏக்கர் காணி இருப்பதாகவும், அதில் அரைவாசியை மூத்த மகளுக்கும் காற்பங்கை இளைய மகளுக்கும் கொடுப்பதாகவும் கதை சொன்னார். 1/2 என்னும் குறியீடு பலகையில் தோன்றியது 1 நிமிடம் 50 செக்கனில். அதுவரை மாணவர் எவரும் பேசவில்லை. கதை நன்றாக இருந்தது; ஆனால் ஆறு நிமிடத்தில் ஏறத்தாழ மூன்றிலொன்றை அது எடுத்துக்கொண்டது.

பகுதி 3: வினாவுதல்

இந்த அமர்வின் திறன் இதுவாகையால் இப்பகுதியே நீளமானது. வேறு திறன் எடுக்கப்படும் நாளில் இதைச் சுருக்கி, அத்திறனுக்குரிய பகுதியை விரிக்கவும்.

விரிவுரை கூறியது: வினாக்கள் நினைவை மட்டுமன்றிச் சிந்தனையையும் வேண்டி நிற்க வேண்டும். அவதானிக்க வேண்டியது: கேட்ட ஒவ்வொரு வினாவையும் மூன்றில் ஒன்றாக வகுத்தல். ஒரு சொல்லோ ஓர் எண்ணோ விடையாக அமைவது முதல் வகை, காரணமோ வழியோ கேட்பது இரண்டாம் வகை, "விளங்கினதா?", "சரிதானே?" என்பவை மூன்றாம் வகை. மூன்றாம் வகையை நாம் எல்லோரும் தாராளமாகக் கேட்கிறோம். அதற்கு "ஓம் டீச்சர்" என்பதைத் தவிர வேறு விடை வந்து நான் கேட்டதில்லை.

பதிவு: மொத்தம் 11 வினாக்கள். முதல் வகை 6, இரண்டாம் வகை 1, மூன்றாம் வகை 4.

விரிவுரை கூறியது: வினாவிய பின் சிந்திக்க நேரம் கொடுக்க வேண்டும். இதை அளக்கலாம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் வினாவிய பின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருந்ததையும், மூன்று செக்கனோ அதற்கு மேலோ காத்திருந்தபோது மாணவர் விடைகள் நீண்டு, விடையளிப்போர் தொகையும் கூடியதையும் கண்டார். எனவே நமது அளவுகோல் மூன்று செக்கன். அவதானிக்க வேண்டியது: வினா முடிந்த கணத்திலிருந்து அடுத்த குரல் எழும்வரை சென்ற நேரமும், எழுந்த குரல் யாருடையது என்பதும்.

பதிவு: மூன்றாம் வகையை நீக்கினால் எஞ்சும் 7 வினாக்களில் 2க்கு மட்டும் மூன்று செக்கன் அல்லது அதற்கு மேல் காத்திருந்தார். "அரையைக் காலாக மாத்தினது ஏன்?" என்ற ஒரேயொரு காரண வினாவுக்கு ஒரு செக்கனின் பின் தாமே விடை சொன்னார். எஞ்சிய 6 விடைகளில் 5 முன் வரிசையின் 1ஆம், 2ஆம் இருக்கைகளிலிருந்தும், 1 ஐந்தாம் இருக்கையிலிருந்தும் வந்தன. 3, 4, 6, 7, 8ஆம் இருக்கையினர் தனியாகப் பேசவே இல்லை.

விரிவுரை கூறியது: பிழையான விடையைக் கற்றலுக்கான வாய்ப்பாகக் கொள்ள வேண்டும். அவதானிக்க வேண்டியது: பிழை விடையையும், அதற்கு அடுத்ததாக ஆசிரியர் சொன்ன முதல் வாக்கியத்தையும் சொல்லுக்குச் சொல் எழுதுதல். இப்படிவத்தில் ஒரு வரியைத்தான் நிரப்ப முடியுமென்றால் இந்த வரியை நிரப்புங்கள்.

பதிவு: ஐந்தாம் இருக்கை: "ஆறில் ரெண்டு, டீச்சர்." ஆசிரியர்: "இல்ல மகள், பிழை. வேற ஆர் சொல்லுவீங்க?" பின் 2ஆம் இருக்கை "நாலில் மூண்டு" என்றதும் "ஆ, கெட்டிக்காரி" என்று கூறி அடுத்ததற்குச் சென்றார். ஐந்தாம் இருக்கையிடம் திரும்பி வரவில்லை.

பகுதி 4: பலகை

விரிவுரை கூறியது: பலகைப் பயன்பாடு ஒழுங்காகவும் பிழையின்றியும் இருக்க வேண்டும். அவதானிக்க வேண்டியது: ஆறாம் நிமிட முடிவில் பலகையில் உள்ளதை அப்படியே பார்த்தெழுதுதல். "எழுத்து அழகு" என்று எழுத வேண்டாம்.

பதிவு: பலகையில் இருந்தது,

```
1/2 + 1/4
1/2 = 2/4 + 1/4 = 3/4
```

பார்த்தெழுதும்போதுதான் இரண்டாம் வரி கண்ணில் பட்டது. அது சொல்வதை வாசித்தால் அரையும் நாலில் மூன்றும் சமன் என்றாகிறது. விடை சரி, சமக்குறி பிழை. மாணவராக இருந்த எட்டுப் பேரும் அவதானித்த இருவருமாகப் பத்துப் பேர் கூடியிருந்தும் கற்பிக்கும்போது எவரும் இதைக் காணவில்லை.

பகுதி 5: குரல், நடமாட்டம், முடிவு

பதிவு: எட்டாம் இருக்கைவரை குரல் கேட்டது. முழு நேரமும் பலகையின் இடப்பக்கத்திலேயே நின்றார். முடிவில் மாணவர் எதையும் தாமாகச் செய்து காட்டவில்லை. ஆறாம் நிமிட மணியுடன் பாடம் நின்றது.

பகுதி 6: பின்னூட்டல்

முதலில் கற்பித்தவர் பேசுவார். அதன் பின் அவதானித்தவர்கள் தாம் பதிந்ததை, பெயரடை சேர்க்காமல் வாசிப்பார்கள். "நல்லாச் செய்தீங்க" என்பதும் "வினாவுதல் போதாது" என்பதும் இந்த ஆறு நிமிடத்தில் இடம்பெறலாகாது. பதிவை வாசித்த பின் ஒரு வினா, அதன் பின் மீளக் கற்பித்தலுக்கென ஒரேயொரு மாற்றம். இரண்டாவது மாற்றம் எவ்வளவு அவசியமெனத் தோன்றினாலும் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்படும். பாடப்பொருட் பிழை மட்டும் இதற்கு விதிவிலக்கு: அது அன்றே திருத்தப்பட வேண்டும்.

பதிவு: கற்பித்தவர், கதை நீண்டுவிட்டதைத் தாமே கூறினார். ஐந்தாம் இருக்கையின் பதிவு வாசிக்கப்பட்டதும், "நேரம் போகுதெண்டு பயத்தில சரியான விடை வந்தாக் காணும் எண்டு நினைச்சிட்டன்" என்றார். கேட்கப்பட்ட வினா: "அந்தப் பிள்ளை ஆறில் இரண்டை எங்கிருந்து எடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா, அக்கா?" தெரியும், ஆனால் பிள்ளையிடம் கேட்கவில்லை என்றார். ஒப்புக்கொண்ட மாற்றம்: பிழை விடை வந்தால் அடுத்த வாக்கியம் அதே பிள்ளையிடம் கேட்கும் வினாவாக இருக்கும். சமக்குறி திருத்தப்படும்.

பகுதி 7: மீளக் கற்பித்தலின் பதிவு

மீளக் கற்பித்தலில் எல்லாப் பகுதிகளையும் நிரப்ப வேண்டியதில்லை. ஒப்புக்கொண்ட மாற்றம் நடந்ததா என்பதை மட்டும் பதியவும். பிழை சொல்லும் பங்கு வேறொரு சகபாடிக்கு இரகசியமாக மாற்றப்பட வேண்டும்.

பதிவு: பிழை விடை ஏழாம் இருக்கையிலிருந்து வந்தது. ஆசிரியர்: "ஆறில் ரெண்டு எண்டு எப்படி எடுத்தீங்க, மகள்?" நான்கு செக்கன் மௌனம். ஏழாம் இருக்கை: "மேல உள்ளதையும் கூட்டினன், கீழ உள்ளதையும் கூட்டினன்." ஆசிரியர் ஒரு தாளை இரண்டாக மடித்து ஒரு பாதிக்கு நிறம் தீட்டினார், இன்னொரு தாளை ஆறாக மடித்து இரண்டு பங்குக்கு நிறம் தீட்டினார். இரண்டையும் பக்கத்தில் பிடித்து, "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தம். சேர்த்த பிறகு வந்தது எது?" என்று கேட்டார். ஏழாம் இருக்கை தாள்களைப் பார்த்து, "குறைஞ்சு போச்சே, டீச்சர்" என்றார். அதற்குள் நான்காம் இருக்கை, கேட்கப்படாமலே, "அப்ப கூட்டினது பிழை" என்றார். பலகையில் இம்முறை இருந்தது:

```
1/2 + 1/4 = 2/4 + 1/4 = 3/4
```

ஒப்புக்கொண்ட மாற்றம் நடந்தது. பாடம் ஆறு நிமிடத்தில் முடியவில்லை. 40 செக்கன் கூடுதலாகச் சென்றது. அதைக் குறைக்கும் வழி அடுத்த அமர்வின் பகுதி 2இல் பார்க்கப்படும்.

படிவத்தின் மூலப்பிரதி கற்பித்தவரிடமே இருக்கும். விரிவுரையாளர் பதிவுகளை வாசிக்கலாம். பரீட்சைப் புள்ளிக்கு அவற்றைப் பயன்படுத்தமாட்டார்.